‘பின்னம்’ என்று மட்டும் ஒரு செய்தி

ஊர்ப்புறத்தில் சாயங்கால டியூஷன் எடுக்கும் அக்காக்களுக்கும் அண்ணன்களுக்கும்,

உங்களில் பலர் 2021 கடைசியில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது, மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்குத் தன்னார்வலராக வந்தவர்கள். சிலர் அதற்கு முன்பிருந்தே திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பவர்கள். நான் பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவன். உங்களைச் சந்திக்கும் இடத்திலெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. “சார், பிள்ளைங்க ராத்திரி வாட்ஸ்அப்புல ஒரே ஒரு வார்த்தை அனுப்புதுங்க. ‘கோணம்’னு வரும். ‘இயற்கணிதம்’னு வரும். கேள்வியே இருக்காது. இதுக்கு என்ன பதில் போடறது?”

இதற்கு ஒரு கதையாகப் பதில் எழுதியிருக்கிறேன். கதையில் வரும் ஆட்கள் கற்பனை. நோட்டில் வரும் கணக்கும் அதில் உள்ள தவறும் கற்பனை இல்லை. அந்தத் தவறு எத்தனையோ பிள்ளைகளின் கையெழுத்தில் என் மேசைக்கு வந்திருக்கிறது. நடுநடுவே கதையை நிறுத்திவிட்டுப் பேசுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நன்னிலம் பக்கத்தில் ஒரு கிராமம். சம்பா நடவு நேரம். கதையில் வரும் டியூஷன் அக்கா பி.எஸ்சி. கணிதம் முடித்தவள். பி.எட். சேரப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். சாயங்காலம் ஐந்து மணிக்குத் திண்ணையைக் கூட்டிப் பாய் விரித்தால் ஏழு மணிவரை பிள்ளைகள். ஒருநாள் ராத்திரி சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைக்கும்போது போனில் சத்தம் கேட்டது. எடுத்துப் பார்த்தாள். ஏழாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா எண். அதில் ஒரே வார்த்தை.

“பின்னம்”

வணக்கம் இல்லை, அக்கா இல்லை, கேள்விக்குறி இல்லை. அக்கா கொஞ்ச நேரம் அடுத்த வரி வருமா என்று பார்த்தாள். வரவில்லை. ‘பின்னத்துல என்ன டவுட்?’ என்று தட்டினாள். அனுப்பப் போன விரல் நின்றுவிட்டது. அந்தப் பெண்ணை அவளுக்குத் தெரியும். திண்ணையில் ‘டவுட் இருந்தா கேளுங்க’ என்றால் தலை குனிந்து பென்சிலைச் சீவுகிற பிள்ளை. இந்த வரியை அனுப்பினால் என்ன வரும் என்பதும் தெரியும். ‘ஒண்ணும் இல்லக்கா.’ அதோடு முடிந்துவிடும்.

இங்கே ஒரு நிமிடம் நிறுத்துகிறேன். ‘என்ன டவுட்?’ என்று கேட்பதில் நமக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, பிள்ளைக்கு இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். எந்த வரிவரை தான் செய்தது சரி என்பது ஒன்று. எந்த வரியில் தவறு புகுந்தது என்பது இன்னொன்று. இவை இரண்டும் தெரிந்த பிள்ளைக்கு முக்கால்வாசிக் கணக்கு முடிந்துவிட்டது. மீதியைத் தோழியிடமே கேட்டுக்கொள்வாள். ஒற்றை வார்த்தை அனுப்புகிற பிள்ளைக்கோ பாடத்தின் பெயர் மட்டும்தான் கையில் இருக்கிறது. தடுக்குவது எங்கே என்று காட்ட அவளால் முடியவில்லை. அதைக் கண்டுபிடிப்பது நம் வேலை. அந்த வேலையை அவள் தலையில் திருப்பி வைத்தால் அவள் வாயை மூடிக்கொள்வாள்.

இன்னும் இரண்டு பதில்களும் நமக்குப் பழக்கம். ஒன்று, பின்னத்தைப் பற்றி ஒரு காணொளியைத் தேடிப் பிடித்து அனுப்பிவிடுவது. அதில் இருபது நிமிடம் பீட்சாவை வெட்டிக் காட்டுவார்கள். பிள்ளை மாட்டிக்கொண்டது பெருக்கலில் என்றால் அந்த இருபது நிமிடமும் வீண். அம்மாவின் டேட்டாவும் தீர்ந்துபோகும். மற்றொன்று, நாமே ஊகித்து ‘எல்சிஎம் எடு, பகுதியைச் சமமாக்கு, தொகுதியைக் கூட்டு’ என்று நீளமாகக் குரல் பதிவு போடுவது. இது இன்னும் மோசம். ஏன் என்பது கதையில் வரும்.

கதைக்கு வருகிறேன். அக்கா தட்டியதை அழித்தாள். மணியைப் பார்த்தாள், எட்டே முக்கால். அந்த வீட்டில் ஒரு போன்தான். பொழுது விடியும்முன் அம்மாவோடு நடவுக்குப் போகும், சாயங்காலம் வந்து சார்ஜில் கிடக்கும். ஒன்பது மணிக்குத் திருப்பூரிலிருந்து அப்பா கூப்பிடுவார். அதற்குப் பிறகு அம்மா தூங்கிவிடுவாள், போனும் தலைமாட்டுக்குப் போய்விடும். எட்டரைக்கும் ஒன்பதுக்கும் இடையில்தான் அந்தப் பெண்ணால் அக்காவோடு பேச முடியும். இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது. யோசித்து எழுத வேண்டிய எதையும் இந்த நேரத்தில் அவளிடம் கேட்க முடியாது.

அக்கா இப்படி அனுப்பினாள்.

“கடைசியா நீ போட்ட கணக்கு எதுவோ, அந்தப் பக்கத்தை அப்படியே போட்டோ எடுத்து அனுப்பு பாப்பா. தப்பா இருந்தாலும் பரவால்ல. எதையும் அழிக்காத, புதுசா எழுதாத.”

இந்தச் செய்தியில் பிள்ளை யோசித்துச் சொல்ல வேண்டியது எதுவும் இல்லை. செய்து காட்டக் கூடிய ஒரு சின்ன வேலை மட்டும் இருக்கிறது. ‘அழிக்காத’ என்ற சொல் முக்கியம். போட்டோ கேட்டால் பிள்ளைகள் முதலில் செய்வது ரப்பரை எடுப்பது. தவறான வரியை அழித்து, விடைப் பக்கத்தைப் பார்த்துச் சரியான விடையை எழுதி, அழகாக ஒரு பக்கத்தை அனுப்புவார்கள். அதில் நமக்குப் பார்க்க ஒன்றுமே இருக்காது. பிள்ளை இன்னும் எதுவும் எழுதவே இல்லை என்றால், கூட்டலில் ஒன்றும் பெருக்கலில் ஒன்றுமாக இரண்டு சின்னக் கணக்கு நீங்களே கொடுத்து, போட்டு அனுப்பச் சொல்லுங்கள். அதுவும் இதே பயனைத் தரும்.

ஒன்பது அடிக்கக் கொஞ்சம் முன்னால் படம் வந்தது. குண்டு பல்பின் வெளிச்சம், பக்கத்தின் ஒரு மூலையில் விரல் நிழல். அக்கா திரையைப் பெரிதாக்கினாள். மேலே இரண்டு கூட்டல் கணக்குகள், பள்ளிக்கூடத்து டீச்சரின் சிவப்பு டிக் வாங்கியவை. 1/2 + 1/3 என்பதை 3/6 + 2/6 என்று மாற்றி, 5/6 என்று முடித்திருந்தாள். சரி. அடுத்ததும் சரி. மூன்றாவது கணக்கு 2/3 × 3/4. அதன் கீழே தாள் நைந்துபோகும் அளவுக்கு அழித்து, மறுபடி அதே வரிகளை அதே இடத்தில் எழுதியிருந்தாள்.

2/3 × 3/4

= 8/12 × 9/12

= 72/12

= 6

ஓரத்தில், பென்சிலால், மெலிசாக: 1/2. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்து எழுதிய விடை.

அக்கா அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்களும் பாருங்கள். இந்தப் பெண்ணுக்கு எல்சிஎம் எடுக்கத் தெரியும். 3, 4 என்ற பகுதிகளுக்கு 12 என்று சரியாக எடுத்திருக்கிறாள். 2/3 என்பது 8/12, 3/4 என்பது 9/12, இரண்டும் சரி. எட்டொன்பது எழுபத்திரண்டு, சரி. எழுபத்திரண்டைப் பன்னிரண்டால் வகுத்தால் ஆறு, அதுவும் சரி. கூட்டலில் பகுதி மாறாமல் அப்படியே நிற்கும் என்று டீச்சர் சொன்னதும் நினைவில் இருக்கிறது. அதனால்தான் கீழே 12 மாறவே இல்லை. அவள் கணக்கில் ஒவ்வொரு படிக்கும் யாரோ ஒருவர் எப்போதோ டிக் போட்டிருக்கிறார்கள். அவள் எதைப் பற்றிக் கேள்வி கேட்பாள்? இவளுக்குப் போய் ‘எல்சிஎம் எடு, பகுதியைச் சமமாக்கு’ என்று குரல் பதிவு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவளை விழவைத்ததே அதுதான்.

இந்தத் தவறு எப்படி உண்டாகிறது என்பதைச் சொல்கிறேன். கூட்டலைப் பல நாள் நடத்துகிறோம். பகுதிகள் வேறு வேறாக இருந்தால் முதலில் சமமாக்கு என்று சொல்லிச் சொல்லிக் கையில் பதிந்துவிடுகிறது. பெருக்கல் வரும்போது ‘மேல மேல, கீழ கீழ பெருக்கு, அவ்வளவுதான்’ என்று ஒரே வகுப்பில் முடித்துவிடுகிறோம். இரண்டு வாரம் கழித்துப் பிள்ளையின் கை பழைய வழியிலேயே போகிறது. இரண்டு விதியும் மனப்பாடம். எது எதற்கு என்று பிரித்துக் காட்ட உள்ளே எதுவும் இல்லை. விடை 6 என்று வந்தபோது அவள் திடுக்கிடவில்லை என்பதைக் கவனியுங்கள். புத்தகத்தில் வேறு விடை இருந்ததால்தான் திடுக்கிட்டாள். முக்காலில் ஒரு பங்கை எடுத்தால் ஆறு வருமா என்ற சந்தேகம் அவளுக்கு எழவே இல்லை. 2/3, 3/4 இரண்டும் அவளுக்கு அளவுகளாகத் தெரியவில்லை. மேலே ஒரு எண், கீழே ஒரு எண், நடுவில் ஒரு கோடு.

இதை எழுதும்போது எனக்கு பென்னி என்ற அமெரிக்கச் சிறுவனின் நினைவு வருகிறது. ஸ்டான்லி எர்ல்வாங்கர் என்ற ஆய்வாளர் 1973இல் அவனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கணக்குக் கல்வியில் இன்றும் எடுத்துப் பேசப்படுகிற கட்டுரை. ஆறாம் வகுப்பு, பன்னிரண்டு வயது. தேர்வுகளில் ஒவ்வொன்றாகத் தேறி, வகுப்பில் நன்றாகப் போகிறவன் என்று ஆசிரியர் நம்பிய பையன். எர்ல்வாங்கர் பக்கத்தில் உட்கார்ந்து பேசியபோதுதான் உள்ளே இருந்தது வெளியே வந்தது. 2/10 என்பதைத் தசமத்தில் எழுதச் சொன்னால் 1.2 என்றான். இரண்டையும் பத்தையும் கூட்டினால் பன்னிரண்டு, நடுவில் ஒரு புள்ளி, முடிந்தது. 5/10 அவனுக்கு 1.5. அதே வழியில் 4/11, 11/4 இரண்டுமே 1.5. இரண்டும் எப்படி ஒன்றாக இருக்கும் என்பது அவனை உறுத்தவில்லை. கணக்கு என்பது யாரோ உண்டாக்கி வைத்த விதிகளின் குவியல், விடைத்தாளோடு ஒத்துப்போனால் சரி என்பது அவன் புரிந்துகொண்டது. டிக் வாங்கிய பக்கங்களை மட்டும் பார்த்தவர்களுக்கு இது தெரியவே வாய்ப்பு இல்லை. நம் கதையில் வரும் பெண்ணின் பக்கத்திலும் மேலே இரண்டு சிவப்பு டிக் இருக்கின்றன.

ராத்திரி அக்கா அனுப்பிய பதில் இதுதான். “பாத்துட்டேன். நல்லா போட்டிருக்க, ஒரே ஒரு எடத்துலதான் தடுக்குது. நாளைக்குச் சாயங்காலம் கொஞ்சம் முன்னாடி வா, நோட்டு எடுத்துட்டு வா.” போனில் விளக்க முயலவில்லை. அது அவள் எடுத்த நல்ல முடிவு. பிள்ளையின் முகம் தெரியாமல், பென்சில் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் இந்த இடத்தை நேராக்க முடியாது. நாளைக்கு அவளைப் பார்க்கவே முடியாது என்றால் போனைவிட்டால் வேறு வழியில்லை. ஆனால் இங்கே திண்ணைதான் பக்கத்தில் இருக்கிறதே.

மறுநாள் நாலரை மணிக்கு அந்தப் பெண் வந்தாள். மற்றவர்கள் வர இன்னும் அரை மணி இருந்தது. அக்கா நேற்றைய பக்கத்தைத் திறக்கவில்லை. நோட்டை மூடிவைத்துவிட்டுக் கேட்டாள்.

“ஒரு வயல்ல முக்கால்வாசி நட்டாச்சு. அந்த நட்ட எடத்துல மூணுல ரெண்டு பங்குக்கு உரம் போட்டாச்சு. உரம் போட்ட எடம் முழு வயலைவிடப் பெருசா சின்னதா?”

பெண் பேசவில்லை. அக்காவும் பேசவில்லை. இந்த இடம் நமக்கு எல்லாருக்கும் கஷ்டம். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு நொடிதான் என்று கண்டார். அதற்குள் பதில் வராவிட்டால் கேள்வியை மாற்றிவிடுகிறார்கள், வேறு பிள்ளையிடம் போய்விடுகிறார்கள், அல்லது தாங்களே சொல்லிவிடுகிறார்கள். மூன்று நொடி பொறுத்தவர்களிடம் பிள்ளைகள் நீளமாகப் பேசினார்கள், வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். மூன்று நொடி என்பது எழுதும்போது சிறிதாகத் தெரிகிறது. திண்ணையில் ஒரு பிள்ளை தலை குனிந்து உட்கார்ந்திருக்கும்போது எண்ணிப் பாருங்கள், எவ்வளவு நீளம் என்று தெரியும்.

“சின்னதுதான்க்கா,” என்றாள் அந்தப் பெண். “நட்ட எடத்துக்குள்ளதான உரம் போட்டாங்க.”

“நட்ட எடத்தைவிடவும் சின்னதா?”

“ஆமா.”

“சரி, இப்ப நேத்து போட்ட கணக்கை எடு.”

நோட்டு திறந்தது. 2/3 × 3/4 = 6. அவள் அந்த 6ஐப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். “ஆறு வயலா வந்துருக்கு!” என்றாள்.

இந்தத் திடுக்கிடல்தான் வேண்டியது. இது விடைப் பக்கத்தைப் பார்த்து வந்ததில்லை, அந்த எண்ணின் அளவைப் பார்த்து வந்தது. இது வராமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். திடுக்கிடாத பிள்ளையிடம் ‘கீழேயும் பெருக்கணும்’ என்று சொன்னால், அவள் சேர்த்துவைத்த விதிகளில் இன்னொரு விதி கூடும், அவ்வளவுதான்.

அக்கா நோட்டின் நடுவிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். “இதுதான் வயல்.” ஸ்கேல் வைத்து நெடுக்காக மூன்று கோடு போட்டு நாலு பட்டையாகப் பிரிக்கச் சொன்னாள். மூன்று பட்டைகளில் பென்சிலால் சாய்கோடு இழுக்கச் சொன்னாள். அது நட்ட இடம். பிறகு குறுக்காக இரண்டு கோடு போட்டு மூன்று வரிசையாக்கி, இரண்டு வரிசையில் எதிர்ப்பக்கச் சாய்கோடு. இப்போது தாளில் பன்னிரண்டு கட்டம். இரண்டு கோடும் விழுந்த கட்டங்களைப் பெண் விரல் வைத்து எண்ணினாள். ஆறு. பன்னிரண்டில் ஆறு. “பாதி!” என்றாள். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த 1/2 அவளுக்கு இப்போதுதான் தன்னுடைய விடையானது.

“பன்னெண்டு கட்டம் எங்கேருந்து வந்துச்சு?”

“நாலு பட்டைய மூணு மூணா வெட்டுனோம்ல.”

இதை அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள். பெருக்கும்போது பகுதியும் பெருகுவது ஏன் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது. நாலாக இருந்த துண்டுகளை ஒவ்வொன்றையும் மறுபடி மூன்றாக வெட்டுகிறோம். துண்டு சிறிதாகிறது, எண்ணிக்கை பன்னிரண்டாகிறது. கூட்டலில் அப்படி வெட்டுவதில்லை. எல்சிஎம் எடுத்து ஒரே அளவுத் துண்டுகளாக்கிய பிறகு எத்தனை துண்டு என்று எண்ணுகிறோம், அதனால் பகுதி அப்படியே நிற்கிறது.

பல டியூஷன்களில் பாடம் இங்கே முடிந்துவிடும். அக்கா முடிக்கவில்லை. அவளை நான் மதிப்பது இந்த இடத்தில்தான். பெண்ணின் நோட்டில் அந்த 72 இன்னும் கிடக்கிறது. அதைச் சும்மா அடித்துவிட்டு ‘மேல மேல, கீழ கீழ’ என்று புதிதாக எழுதச் சொன்னால், நேற்று ராத்திரி தாள் நைய நைய அவள் செய்த வேலை முழுக்க முட்டாள்தனம் என்று ஆகிவிடும். அது முட்டாள்தனம் இல்லை.

“உன் வழியிலேயே போவோம். 8/12, 9/12. கிராஃப் நோட்டு இருக்கா?”

கிராஃப் தாளில் பன்னிரண்டு கட்டம் நீளம், பன்னிரண்டு கட்டம் அகலம் என்று ஒரு சதுரம் வரையச் சொன்னாள். நெடுக்கில் ஒன்பது வரிசைக்கு ஒரு சாய்கோடு, குறுக்கில் எட்டு வரிசைக்கு எதிர்ச்சாய்கோடு. இரண்டும் விழுந்த இடத்தில் எத்தனை கட்டம் என்று கேட்டாள். பெண் எண்ணவில்லை. “எட்டொன்பது எழுபத்திரண்டு,” என்றாள். சொல்லும்போதே அது தன் எண் என்று கண்டுகொண்டாள்.

“எத்தனைல எழுபத்திரண்டு?”

இம்முறையும் அக்கா பொறுத்தாள். பெண் சதுரத்தின் ஓரத்தில் பென்சிலை ஓட்டினாள், பன்னிரண்டு. இன்னொரு ஓரம், பன்னிரண்டு. ரஃப் நோட்டில் பெருக்கினாள். 144. “நூத்தி நாப்பத்தி நாலுல எழுபத்திரண்டு. இதுவும் பாதிக்கா!”

72/144. அவளுடைய 72 சரியாகத்தான் இருந்திருக்கிறது. கீழே இருந்த 12 மட்டும் 144 ஆகவில்லை. எல்சிஎம் எடுத்தது தவறில்லை, பெருக்கலுக்கு அது தேவை இல்லை என்பது மட்டும்தான். எடுக்காமல் நேராகப் பெருக்கினால் 6/12, எடுத்துப் பெருக்கினால் 72/144, இரண்டும் பாதி. இதில் எது சுலபம் என்று அக்கா கேட்டாள். பெண் சிரித்துக்கொண்டே 6/12ஐத் தொட்டாள். அதற்குள் மற்ற பிள்ளைகள் வந்து செருப்பைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள்.

கதை இதோடு முடிவதில்லை. முடிந்தால் அழகாக இருக்கும், ஆனால் நடப்பது வேறு. பத்து நாள் கழித்து அதே பெண்ணின் நோட்டில் 1/4 + 1/4 = 2/16 என்று ஒரு வரி வரும். பெருக்கலில் கீழேயும் பெருக்கணும் என்று புரிந்த தெளிவு, கூட்டலுக்குள்ளும் புகுந்துவிடும். இதை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். ஒரு தவறைத் திருத்தியதும் எதிர்ப்பக்கம் ஒன்று முளைக்கும். சொல்லிக்கொடுத்தது வீணாகிவிட்டதோ என்று இந்த இடத்தில்தான் டியூஷன் ஆசிரியர்கள் மனம் தளர்கிறார்கள். வீணாகவில்லை. இப்போது அவளிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது: “கால் வயலும் கால் வயலும் சேர்ந்தா, கால் வயலைவிடப் பெருசா சின்னதா?” 2/16 என்பது எட்டில் ஒரு பங்கு. கூட்டினால் குறைந்திருக்கிறது. முதல் தடவை ஆறு வயலைப் பார்த்துத் திடுக்கிட்ட பிள்ளை, இதற்கும் திடுக்கிடுவாள், இம்முறை சீக்கிரம்.

அதனால் கூட்டலும் பெருக்கலும் கலந்து கொடுங்கள். ஒரே நாளில் பத்துப் பெருக்கல் கணக்கு கொடுத்தால், பிள்ளை பத்தையும் சரியாகப் போடும். எது எதற்கு என்று யோசிக்க வேண்டிய தேவையே அங்கு இல்லை. 3/5 + 1/2, அதற்குக் கீழேயே 3/5 × 1/2. பென்சிலைத் தொடும்முன் ஒரே ஒரு கேள்வி: விடை 3/5ஐ விடப் பெருசா சின்னதா? பதிலை வாயால் சொன்ன பிறகுதான் எழுத வேண்டும். முதலில் கூட்டலுக்கு 11/10, பெருக்கலுக்கு 3/10 என்று சரியாக வராமல் போனாலும் பரவாயில்லை. பெருசு, சின்னது என்பது சரியாக வந்துவிட்டால், விடை தவறும்போது பிள்ளைக்கே தெரியும்.

இப்போது கதைக்கு வெளியே ஒரு விஷயம். ஒற்றை வார்த்தைச் செய்தி எல்லாமே கணக்கைப் பற்றியது இல்லை. ‘பின்னம்’ என்று வந்தால் அது பாடம். ‘அக்கா’ என்று மட்டும் வந்து நின்றால்? அதற்கு நோட்டை போட்டோ எடுத்து அனுப்பு என்று சொல்லாதீர்கள். பள்ளிக்கூடத்தில் யாராவது ஏதாவது சொல்லியிருக்கலாம், வீட்டில் சண்டை நடந்திருக்கலாம், படிப்பை நிறுத்தும் பேச்சு வந்திருக்கலாம். ‘சொல்லுடா, இருக்கேன்’ என்று உடனே ஒரு பதில் போட்டுவிட்டு, மறுநாள் அந்தப் பிள்ளையை நேரில் பாருங்கள். கல்யாணப் பேச்சு, அடி, வேறு ஏதாவது தொல்லை என்று தெரியவந்தால், அது டியூஷனில் தீர்க்கிற காரியம் இல்லை. குழந்தைகளுக்கான உதவி எண் 1098, எந்த நேரமும் அழைக்கலாம். இன்னொன்று, குறிப்பாக அண்ணன்களுக்குச் சொல்கிறேன். பிள்ளைகளோடு ராத்திரியில் போனில் பேசும் எதுவும் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்தே இருக்கட்டும். கதையில் அந்தப் பெண் அனுப்பியது அம்மாவின் போனிலிருந்து, அம்மா பக்கத்தில் இருக்கும்போது. அது அப்படியே இருப்பதுதான் பிள்ளைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.

கடைசியாக ஒரு கணக்கு கொடுத்துவிட்டு முடிக்கிறேன். 12/13 + 7/8. இதைக் கணக்கிடாமல், நெருக்கமான விடை 1, 2, 19, 21 இவற்றில் எது என்று சொல்ல வேண்டும். 1978இல் அமெரிக்காவில் நாடு முழுக்க நடந்த ஒரு மதிப்பீட்டில் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம் இதைக் கேட்டார்கள். 12/13 கிட்டத்தட்ட ஒன்று, 7/8ம் கிட்டத்தட்ட ஒன்று, விடை 2. அதைச் சொன்னவர்கள் நூற்றுக்கு 24 பேர். பாதிக்கு மேற்பட்டவர்கள் 19 என்றோ 21 என்றோ சொன்னார்கள். தொகுதிகளைக் கூட்டினால் 19, பகுதிகளைக் கூட்டினால் 21.

நாளைக்குச் சாயங்காலம் உங்கள் திண்ணையில் ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைக் கேளுங்கள். நோட்டு மூடியிருக்கட்டும், பென்சில் கீழே இருக்கட்டும். யார் எந்த எண்ணைச் சொன்னார்கள் என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். 19ம் 21ம் சொன்ன பிள்ளைகளில் யாரிடமிருந்தாவது ஒருநாள் ராத்திரி ‘பின்னம்’ என்று செய்தி வந்தால், எங்கே தொடங்குவது என்று உங்களுக்கு அப்போதே பாதி தெரிந்திருக்கும். மீதியை நோட்டின் போட்டோவில் பாருங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்